அவளுக்கும் சேர்த்து நானே போட்ட கையெழுத்து

திருவிழா பத்து நாளும் சாமி புறப்பாட்டுக்காகக் காலையிலேயே எங்கள் ஆஸ்பத்திரித் தெருவை அடைத்துவிடுவார்கள். நைட் டியூட்டி முடித்தவர்கள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நிர்வாகத்துக்கு என்றைக்கும் இல்லாத இரக்கம் வந்தது. குடிதண்ணீர் கேனுக்கு மேலே நோட்டீஸ் ஒட்டினார்கள். நைட் சிஸ்டர் காலை எட்டு மணிக்கு வார்டை ஒப்படைத்துக் கொடுக்கும் ஓவரை நாளை முதல் ஏழரைக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் படித்து, தம் பெயருக்கு நேரே தாமே கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும்.

‘தாமே’ என்பதற்கு அடிக்கோடு வேறு. எங்கள் வார்டில் அடிக்கோடு போட்டதை யாரும் படிப்பதில்லை.

நைட் சிஸ்டர் இரண்டு நாள் லீவில் முசரவாக்கத்தில் இருந்தாள். பட்டியலில் அவள் கட்டம் மட்டும் காலி. இன்சார்ஜ் சிஸ்டர் முகம் சுளிக்கவே, என் தியாக உள்ளம் விழித்துக்கொண்டது. “நான் சொல்லிட்றேன் சிஸ்டர்” என்று அவளுக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு எட்டு மணிக்கு, லீவு முடிந்து வந்த அவளிடம் ஓவர் கொடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், இதைத் தவிர. ஐயம்பேட்டை பஸ் என்ன எனக்காக நிற்குமா?

மறுநாள் பகல் டியூட்டிக்கு ஏழரைக்குச் சரியாக வந்து நின்றேன். கடைசி அறையில் அவள் யாருக்கோ டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தாள். காத்திருப்பானேன் என்று மருந்து சார்ட்டை நானே எடுத்துப் பார்த்தேன். நான்காம் படுக்கைக்காரருக்குக் காலை டிபனுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் கட்டம் காலி. மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவர் தறி நெய்பவர். சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இப்பதாம்மா அந்தம்மா வயித்துல குத்திட்டு போச்சு. இன்னொண்ணு எதுக்கு?”

சர்க்கரை நோயாளிகள் ஊசிக்குப் பயந்து கதை விடுவார்கள் என்பது எங்கள் ஞானம். “சும்மா சொல்லாதீங்கப்பா” என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. வேண்டாவெறுப்பாகத்தான் அவளைக் கேட்கப் போனேன்.

“போட்டுட்டேனே. எட்டு மணி ஓவருக்கு முன்ன எழுதிக்கலாம்னு இருந்தேன்” என்றாள்.

கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தேன். இரண்டாவது ஊசியும் ஏறியிருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கி அவர் நினைவே தப்பியிருக்கும்.

இன்சார்ஜ் சிஸ்டர் அவளைத்தான் பிடித்தார். “நோட்டீஸ் படிக்கலையாம்மா?”

“போற போக்குல பார்த்தேன் சிஸ்டர். என் பேருக்கு நேரா கையெழுத்து இருந்துது. நான் ஏற்கெனவே போட்ட பழைய நோட்டீஸுன்னு வுட்டுட்டேன்.”

பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு கையெழுத்து, ஒரே சுழி. “ரெண்டும் நான் போட்டதுதான் சிஸ்டர்” என்றேன்.

நைட் சிஸ்டர் என் எழுத்தை அடித்துவிட்டு, நோட்டீஸை முதலிலிருந்து படித்து, தன் கையெழுத்தைப் போட்டாள்.

அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் ஆகும்வரை, நான் எது கொண்டுபோனாலும் நான்காம் படுக்கைக்காரர் உடனே சட்டையைத் தூக்கியதில்லை. “அந்தம்மாவ கேட்டுக்கினு வந்தியாம்மா?” என்பார். கேட்டுக்கொண்டுதான் போயிருப்பேன்.