மூன்று கூட்டி நான்கு கழித்தால்

எங்கள் ஊரில் வேலை தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. திருப்பூரில் நூறடி நடந்தால் நாலு போர்டு தொங்கும்: டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை, கணக்கு எழுத ஆள் தேவை. அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு வேலைக்காக ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் அவளுக்கு ஏதோ ஒரு ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்றுதான் உறவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு எதுவும் கழலவில்லை. அரசுக் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளர் ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன், ஆவேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. எப்போது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

முதல் தடை ஸ்லெட் தேர்வு. அதைத் தாண்டினால்தான் விரிவுரையாளர் ஆகவே தகுதி. அப்போது மூன்று தாள்கள். முதல் இரண்டும் சரியான விடையைக் குறிப்பது. அவற்றில் தேறியவர்களின் மூன்றாம் தாளைத்தான் திருத்துவார்கள். அதில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். முதல் முறை என் மூன்றாம் தாளை யாரும் தொடவே இல்லை. இரண்டாம் முறை திருத்தி ஃபெயில் போட்டார்கள். தொடாமலே விட்டிருக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது. மூன்றாம் முறை பாஸ் செய்தேன். அந்தத் தாளை நானே திருத்தியிருந்தாலும் அவ்வளவு மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

அதன் பிறகு ஊரிலிருந்த ஒரு கல்லூரியின் மதிய ஷிப்ட்டில் சேர்ந்தேன். சுயநிதிப் பிரிவு. சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அம்மா செக்கிங் டேபிளில் நின்று என்னைவிட அதிகம் வாங்கினார். என் கணவர் பக்கத்து ஊரான மங்கலத்தில் நிட்டிங் மெஷின் போட்டிருந்தார். மாதம் பிறந்தால் அவரிடம் ஒரு கேலி கட்டாயம் வரும்.

"ஏம்மா, நம்ம ஆபீஸ்லயே வந்து உக்காரலாமில்ல? ஷிப்மெண்ட் பேப்பர் பாக்க ஆளே கெடைக்கறதில்ல."

"அதுக்கு ஸ்லெட் பாஸ் பண்ணத் தேவையில்லீங்க" என்பேன்.

துறையில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு வந்தவர்கள். அவள் கணவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், இரண்டு பிள்ளைகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னை ஏட்டி என்பாள். ஒரே ஆண்டில் ஸ்லெட் பாஸ் செய்து, ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்து, கடைசியில் ஒரே தவறையும் செய்தோம்.

அந்தத் தவறு எங்களைப் போன்றவர்கள் மட்டும்தான் செய்யக்கூடியது. பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பதிவு செய்யலாம், ஆனால் அதற்குக் கல்லூரி தடையின்மைச் சான்று தர வேண்டும். நிர்வாகம் தரவில்லை. பட்டம் வாங்கினால் சம்பளம் கூடக் கேட்பார்கள் என்ற பயம். எங்கள் நெறியாளர் ஒரு வழி சொன்னார்: முழு நேரமாகப் பதிவு செய்யுங்கள், எம்.ஃபில். இருப்பதால் இரண்டே ஆண்டில் முடிக்கலாம், யாரிடமும் சான்று கேட்க வேண்டாம். எங்களுக்கு வாயெல்லாம் பல். காலையில் கோவையில் ஆய்வுத் துறைப் பதிவேட்டில் கையெழுத்து; பிறகு பஸ் பிடித்து மதியம் திருப்பூரில் ஆசிரியர் பதிவேட்டில் கையெழுத்து. இரண்டு ஆண்டுகள் ஒரே நாளில் இரண்டு ஊரில் முழு நேரமாக இருந்தோம். அதை அன்று சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆய்வு செய்தது ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்களைப் பற்றி. அக்கா செய்தது தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண் தொழிலாளர்களின் பி.எஃப். பற்றி. லைன் வீடு லைன் வீடாகப் போய், தண்ணீர் பிடிக்கும் வரிசையில் நின்று கேட்டு எழுதினாள். கம்பெனி மாறும்போதெல்லாம் இந்தப் பெண்களுக்குப் புது எண் போடுகிறார்கள், பழைய எண்ணில் கிடக்கும் பணத்தைக் கேட்டுப் போவோர் அநேகமாக இல்லை என்று கண்டுபிடித்தாள். இன்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அன்று அதை ஆள் ஆளாகக் கேட்டு நிரூபித்தவள் அவள்தான். பொது வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

பட்டம் வாங்கிச் சில காலம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், நாங்கள் தவம் கிடந்த அறிவிப்பு வந்தது. அரசுக் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு கிடையாது. கற்பித்தல் அனுபவம் ஆண்டுக்கு இரண்டு மதிப்பெண், பதினைந்து வரை. பிஎச்.டி.க்கு ஒன்பது, எம்.ஃபில்.லோடு ஸ்லெட் என்றால் ஆறு. நேர்முகத்துக்குப் பத்து.

அனுபவச் சான்றிதழைக் கல்லூரி எழுதி, கோவையிலிருக்கும் இணை இயக்குநர் அலுவலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். அதற்காக எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போனோம். அவர் சான்றிதழ்களை ஒருமுறை புரட்டினார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏனுங்க மேடம், ரெண்டு பேரும் ஃபுல் டைமுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப அந்த ரெண்டு வருசம் எக்ஸ்பீரியன்ஸ் வராதுங்களே. முழு நேரம் படிச்சவங்க எப்படிங்க பாடம் நடத்தியிருப்பாங்கன்னு வெரிஃபிகேசன்ல வெட்டிருவாங்க."

அவர் ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதினார். எங்கள் இருவருக்கும் ஆறு ஆண்டு அனுபவம். பட்டத்தைக் காட்டினால் ஒன்பது, ஆனால் அனுபவம் நாலு ஆண்டுதான், எட்டு. மொத்தம் பதினேழு. பட்டத்தைக் காட்டாமல் எம்.ஃபில்., ஸ்லெட் மட்டும் வைத்தால் ஆறு, அனுபவம் பன்னிரண்டு. மொத்தம் பதினெட்டு.

"பட்டத்த ஊட்லயே வெச்சிருங்க" என்றார். "ஒரு மார்க்குல பல பேர் நின்னு போயிருக்காங்க."

மூன்று மதிப்பெண் கூடுதலாகத் தரும் பட்டம் நான்கைத் தின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அக்கா அந்தத் துண்டுத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டாள்: "நீ என்னட்டி செய்யப் போற?"

"காட்டப் போறேங்க்கா. நா எழுதுன ஆய்வேட்ட நானே ஒளிக்கறதா? அந்த ஒரு மார்க்க இன்டர்வியூல வாங்கிக்கறேன்."

"நீ வாங்கிருவ" என்றாள். பிறகு, "எனக்கு வயசு போகுதுல்லா. அவுகளுக்கு முதுகு முடியல, சீசன்லகூட பாதி நாள் வீட்லதான் கெடக்காவ. நான் பட்டத்த வீட்லயே வச்சிருதேன்" என்றாள்.

நான் அவளுக்கு நேர்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். இன்று அதை நினைத்தால் கூசுகிறது. என் துணிச்சல் முழுவதும் என் குணத்திலிருந்து வந்தது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதிக்கு மேல் மங்கலத்தில் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மெஷின்களிலிருந்து வந்தது. எனக்கு வேலை கிடைக்காவிட்டாலும் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

சரிபார்ப்பில் என் இரண்டு ஆண்டுகளைச் சிவப்பு மையால் அடித்தார்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான்.

"இந்த ரெண்டு வருஷம் என்ன செஞ்சீங்க?"

"படிச்சேங்க, பாடமும் நடத்துனேங்க. விதிப்படி ஒண்ணத்தான் சொல்லலாம், படிச்சதச் சொல்றேங்க" என்றேன். ஒருவர் சிரித்தார். அதன் பிறகு என் ஆய்வைப் பற்றியே கேட்டார்கள். விட்டால் இன்னும் அரை மணி நேரம் பேசியிருப்பேன். வெளியே வரும்போது வேலை கையில் இருப்பதாகவே நினைத்தேன்.

பட்டியல் வந்தது. இட ஒதுக்கீட்டில் என் பிரிவில் கடைசியாக எடுத்தவரைவிட எனக்கு ஒரு மதிப்பெண் குறைவு. அக்காவின் எண் இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன். அழுகை வரவில்லை, சுத்தமான பொறாமைதான் வந்தது. அவளுக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நாலாம் நாள் என் பழைய திமிர் திரும்பிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அனுபவத்துக்கு உச்சவரம்பு பதினைந்து. ஏழரை ஆண்டில் நிறைந்துவிடும். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அடித்த இரண்டு ஆண்டுகளை நான் மறுபடி சம்பாதித்துவிடுவேன், பட்டமும் கூடவே நிற்கும். காத்திருப்பதற்கே மதிப்பெண் போடும் ஒரே வேலை இதுதான் என்று கணவரிடம் சொன்னேன். "ஏழரைனு நீயே சொல்ற, பாத்துக்க" என்றார். நான் மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பினேன்.

அக்காவுக்கு வடக்கே ஒரு அரசுக் கல்லூரியில் வேலை. சேர்ந்த அன்று மாலை போன் செய்தாள். சம்பளம், குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. பணிப்பதிவேட்டில் கல்வித் தகுதி என்ற இடத்தில் எம்.ஃபில். என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள்.

"கொஞ்ச நாள் கழிச்சுச் சேத்துக்கலாமில்லீங்க்கா?"

"எந்தத் தேதியப் போட்டுட்டி சேக்க? தேதியப் பாத்தா ரெண்டு வருஷமும் வெளிய வந்துரும்லா."

அந்தச் சமயத்தில் என் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையை ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருந்தது. காசு கொடுத்தால் போடும் இதழ் இல்லை. இரண்டு பேர் படித்துத் திருத்தி, ஒன்றே கால் ஆண்டு இழுத்தடித்து ஏற்றுக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை அக்காவிடம் சொன்னதும் உடனே கேட்டாள்:

"என் பேரு இருக்கா?"

"இருக்குங்க்கா. உங்க பி.எஃப். விசயத்த அடிக்குறிப்புல போட்டிருக்கேன். முனைவர் பட்ட ஆய்வேடுன்னு, வருசத்தோட."

"அத எடுத்துருதியாட்டி?" என்றாள். "இங்க எல்லாரும் வணிகவியல்தான். யாராவது படிச்சுட்டா?"

சரி என்றேன்.

மறுநாள், அச்சுக்கு முன் திருத்த இதழ் அனுப்பியிருந்த மெய்ப்பைப் பிரித்து அடிக்குறிப்பை அடித்தேன். பிறகு அந்த வாக்கியம் மட்டும் மேலே தனியாக நின்றது. கம்பெனி மாறும் பெண்களையும் அவர்களின் பழைய எண்களையும் பற்றி அவள் கண்டுபிடித்தது. கட்டுரையிலேயே நல்ல வாக்கியம். பெயரில்லாமல் விட்டால் அது நான் கண்டதாகிவிடும். அந்த வாக்கியத்தையும் அடித்தேன்.