ஒட்டகம் எழுதிய அளவுத் தாள்

என் அண்ணனுக்கு டிப்போவில் ஒட்டகம் என்று பெயர். இருபத்தெட்டு வருஷம் நெடுந்தூர பஸ் ஓட்டியவர். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அரை டம்ளர் தண்ணீர் குடிப்பார், அதோடு சரி. ஆறு மணி நேரம் கழித்து இறங்கும்வரை ஒரு சொட்டு வாயில் படாது, கழிப்பறைப் பக்கமும் போகமாட்டார். மற்ற டிரைவர்கள் வழியில் இரண்டு இடத்தில் ஓரம் கட்டுவார்கள். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். பட்டப்பெயர் வைத்தவன் கேலிக்குத்தான் வைத்தான். இவர் அதை மெடல் மாதிரி மாட்டிக்கொண்டார்.

நான் அதே டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று டிரைவர்கள் எழுதித் தரும் டிரிப் ஷீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. அந்தத் தாளில் இருப்பதெல்லாம் உண்மை என்று நினைத்தால் உங்களைப் போல அப்பாவி கிடையாது. அட்டவணை போட்டவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து போட்டார். சாலை அதற்குக் கட்டுப்படுமா? தாமதம் என்று எழுதினால் மெமோ வரும். அதனால் வண்டி ஓடியபடி யாரும் எழுதுவதில்லை, அட்டவணை சொன்னபடி எழுதுவார்கள். போய்ச் சேரும் நேரத்தைக் கிளம்பும்போதே எழுதிவைப்பவர்களும் உண்டு. அந்தக் கலையில் என் அண்ணன் மன்னன். பத்தொன்பது வருஷமாக அதன் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

இந்த மனிதருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பட்டாணி அளவு என்றார்கள், மூன்றே வாரத்தில் முஷ்டி அளவு ஆனது. வயிறும் உப்பிக்கொண்டே போனது. சதையைக் கிள்ளிப் பரிசோதித்துவிட்டு, லிம்போமா என்ற புற்றுநோய், அதிலும் ரொம்ப வேகமாக வளர்கிற ஜாதி என்றார்கள். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புற்றுநோய் வார்டின் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"வேகமா வளர்ற கட்டி, மருந்து பட்டா வேகமா கரையும். அது நல்லதுதான். ஆனா கரையறப்ப அந்த செல்லுக்குள்ள இருக்கறது மொத்தமும் ஒரே நேரத்துல ரத்தத்துல கொட்டும். பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம். பொட்டாசியம் ஏறினா இதயம் தடுமாறும். மத்த ரெண்டும் கிட்னியில போய் படிஞ்சு அடைச்சுக்கும்."

"அப்ப மருந்தே வேண்டாங்களா?" என்றாள் அண்ணி.

"மருந்து குடுக்காட்டி கட்டி விடாதும்மா. அதனாலதான் முன்னாடியே தயார் பண்றோம். இன்னிலேர்ந்து ரெண்டு நாளைக்கு நிறைய சலைன் ஏத்துவோம். யூரிக் அமிலத்தை உடைக்கறதுக்கு ஒரு ஊசி இருக்கு, அதையும் போட்டுடுவோம். ஆனா பொட்டாசியத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் அப்படி ஒரு ஊசி கிடையாது. அதையெல்லாம் வெளிய தள்ள வேண்டியது இவரோட கிட்னிதான். அதான் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மூத்திரம் போறாருன்னு எனக்கு மில்லி கணக்குல வேணும்."

"போகலைன்னா?" என்று அண்ணன் கேட்டார். அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"கொஞ்ச நாள் டயாலிசிஸ் மிஷின் வெச்சு சமாளிப்போம்."

அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன், அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கட்டில் காலில் ஓர் அட்டை தொங்கியது. அதில் அளவுத் தாள். நர்ஸ் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைக் கொடுத்து, "இதுல போய்ட்டு என்கிட்ட காட்டுங்க, இல்லாட்டி அளவைப் பார்த்து எழுதிடுங்க" என்றாள். இருபத்தாறு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்கள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டிப்போ ஆட்கள் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பையும் ஆரஞ்சு ஜூஸையும், "இதுல பொட்டாசியம் இருக்கு, இப்ப வேண்டாம்" என்று அவள்தான் எடுத்து வைத்தாள். ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தக் குழாயை ஐஸ் போட்ட கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஓடினாள். அந்த ஊசி மருந்து குழாய்க்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்குமாம். குளிரில் வைக்காவிட்டால் யூரிக் அமிலம் பொய்யாகக் குறைந்து காட்டுமாம். ரத்தம்கூடப் பொய் சொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் சலைன் ஏறியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மருந்து ஆரம்பித்தார்கள். சாயங்காலமே கழுத்துக் கட்டி கொஞ்சம் மெத்தென்று ஆகியிருந்தது. அண்ணி கும்பிடாத தெய்வம் இல்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நான் போனேன். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் விரல்கள் வீங்கிப் பளபளத்தன.

"என்னண்ணா, எப்படி இருக்க?"

"ஜோரா இருக்கேன். போய் வேலையப் பாரு."

பழக்கதோஷம், எந்தத் தாள் தொங்கினாலும் என் கை அங்கேதான் போகும். அட்டையை எடுத்தேன்.

நேற்று மாலை ஆறு மணி, 300. எட்டு மணி, 300. பத்து மணி, 300. காலை ஆறு, 300. எட்டு, 300. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. கடைசி வரிக்கு வந்தேன். பத்து மணி, 300 என்று இருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது முப்பத்தைந்து.

போய்ச் சேராத ஊருக்கு நேரம் எழுதியிருக்கிறார்.

"அண்ணா, பத்து மணி இன்னும் ஆகலையே."

அண்ணி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"கடைசியா எப்ப போன? நிஜத்தச் சொல்லு."

"நேத்து சாயங்காலம். கொஞ்சமா."

"அதுக்கப்புறம்?"

"வரல." கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடாதம்மா. மிஷின்ல போட்டுடுவாங்க. நம்ம கிளீனர் மாமா மிஷின்ல போனவரு, திரும்பி வந்தாரா? ரெண்டு மூணு மணி நேரம் பொறு. நான் அடக்கிப் பழகின ஆளு, தானா வரும். நீ எத்தனை ஷீட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருக்க, இது ஒண்ணு."

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. பொய்த் தாளுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்ததே நான்தானே. அடுத்த ரத்தப் பரிசோதனை பன்னிரண்டு மணிக்கு. அதுவரை இந்தத் தாளை நம்பி சலைன் அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே போக வழியில்லாமல்.

"இந்த ஒண்ணு மட்டும் முடியாதுண்ணா" என்று கையை உதறிக்கொண்டேன். அட்டையோடு நேரே நர்ஸிடம் போனேன். "சிஸ்டர், இந்தத் தாள் பொய். நேத்து சாயங்காலத்துலேர்ந்து மூத்திரமே போகல" என்று சொன்னேன். கூடப் பிறந்தவரைக் காட்டிக்கொடுப்பது போலத்தான் இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை, ஓடினாள். அண்ணனை எடை மெஷினில் ஏற்றினார்கள். முந்தின நாளைவிட மூன்று கிலோ கூடுதல். மூத்திரப் பைக்குள் குழாய் போட்டுப் பார்த்தார்கள். நாற்பது மில்லி, கலங்கலாக. அடக்கிவைத்திருக்கவில்லை, உள்ளே உற்பத்தியே இல்லை. டாக்டரம்மா வந்ததும் சலைனை நிறுத்தினார். ரத்தம் உடனே பரிசோதனைக்குப் போனது. இ.சி.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பொட்டாசியம் ஆறரை. பாஸ்பேட்டும் ரொம்ப ஏறிடுச்சு, கால்சியம் இறங்கிடுச்சு. இதயத்துல மாற்றம் தெரியுது" என்று நர்ஸிடம் சொன்னார். இதயத்தைக் காக்க ஒரு கால்சியம் ஊசியை மெதுவாக ஏற்றினார்கள். பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும். இரண்டும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும் என்றார். மிஷின் அறைக்கு போன் பறந்தது.

"பன்னெண்டு மணி வரைக்கும் விட்டிருந்தா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம்."

தள்ளுகட்டிலில் போகும்போது அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி என் தோளில் முட்டிக்கொண்டு அழுதாள். அவள் என்னைத் திட்டுகிறாளா, வாழ்த்துகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, 'இது ஒண்ணு' என்றதுதான் அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள், உயிரோடு. பொட்டாசியம் இறங்கியிருந்தது. மறுநாளும் ஒரு முறை மிஷினுக்குப் போனார். "கிட்னி செத்துப்போகல, அடைச்சுக்கிட்டிருக்கு. திறக்கறதுக்கு நேரம் குடுப்போம்" என்றார் டாக்டரம்மா. குழாயில் வெறும் சொட்டுகள்தான் வந்தன. கிருமி ஏறும் என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் நர்ஸிடம் அளவுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். ஆறு ஐந்து, 0. எட்டு பதினேழு, 0. ஒன்பது நாற்பத்திரண்டு, 0. அந்த மனிதர் வாழ்க்கையில் எழுதிய முதல் தாமதங்கள். ஒவ்வொரு சைபரும் என் நெஞ்சில் விழுந்தது. பொய்யாகவாவது ஒரு முந்நூறு எழுதமாட்டாரா என்று ஒரு கணம் நினைத்தேன், அவ்வளவு கேவலமானது பயம்.

மிஷினில் போட்டதிலிருந்து நான்காம் நாள் முற்பகல். அண்ணி அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. நான் எழுந்து நிற்கும்போது கதவு திறந்தது. கையில் ஜாடி. பத்துப் பேர் பார்க்க, வராண்டா முழுக்க அதை மறைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கௌரவம் பார்த்து வாழ்நாளெல்லாம் அடக்கிக்கொண்டே வண்டி ஓட்டிய மனிதர்.

ஜாடியை ஜன்னல் திண்டில் வைத்தார். தாளை எடுத்து எழுதினார். பதினொன்று இருபத்துமூன்று, 65.

"இந்தா" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். மூன்று நாளில் முதல் வார்த்தை. "சரி பார்த்துக் கையெழுத்துப் போடு."

நான் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டைப் பார்த்தேன். அறுபத்தைந்துதான். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபத்துமூன்று.

போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்துவிட்டுப் போட்ட முதல் கையெழுத்து அது.