கதவில் ஒட்டிய உத்தரவு

வெள்ளைக்காரன் காலத்தில் என் வீட்டுக்காரர் ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டில் காவல்காரராக இருந்தார். கேட்டை ஒட்டியே எங்கள் குடியிருப்பு. ஒரு சாயங்காலம் மாட்டு வண்டி தண்டவாளத்தைத் தாண்டும்போது கூட்ஸ் வண்டி வந்து அதன் பின்சக்கரத்தை அடித்துத் தள்ளியது. மாடுகள் தப்பின, வண்டிக்காரரும் தப்பினார். தப்பாதது எங்கள் பிழைப்புதான்.

ரயில் வருகிறது என்று ஸ்டேஷனில் இருந்து கம்பி வழியாகக் கேட்டில் உள்ள மணியை அடிப்பார்கள். அது கேட்டதும் இவர் கேட்டைச் சாத்த வேண்டும். அன்றைக்கு மணி அடிக்கவே இல்லை என்றார் இவர். அடித்தோம் என்றது ஸ்டேஷன். மறுநாளே இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, பதிலுக்கு ஓர் ஆளைக் கேட்டுக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்தார்கள், பதில் வாங்கினார்கள், இரண்டு அதிகாரிகள் ஸ்டேஷனில் உட்கார்ந்து விசாரித்தார்கள். பிறகு ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்து காத்திருந்து எனக்கு மனசு மரத்துப் போயிருந்தது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் வாசனை தெரியாது.

ஒரு நாள் லைன் இன்ஸ்பெக்டர் உறையோடு வந்தார். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு என்றார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“போட்டா தப்ப ஒத்துக்கினா மாதிரி ஆயிடும் சார். நான் போட மாட்டேன்.”

“நீ போடலைன்னாலும் கொடுத்ததாத்தான் கணக்கு” என்றார் அவர். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லைனில் கல் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, வாங்க மறுத்ததற்குச் சாட்சியாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, உத்தரவை எங்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டில் கூழ் குடித்தவர்கள்தான். “எங்கள இன்னா பண்ணச் சொல்ற அண்ணாத்தே” என்று முனகிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்த கோபமெல்லாம் இவர் மேல்தான்.

நான் மிஷன் பள்ளியில் படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கதவருகே போனதும் இவர் குறுக்கே வந்து காகிதத்தைப் பிய்த்து மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

“படிக்காதமே. படிச்சா வாங்கினதா ஆயிடும். கையெழுத்து இல்லாம செல்லாதுன்னு அவனுங்களே திரும்ப வருவானுங்க.”

லைனில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டால்தான் கழுத்துக்குக் கயிறு என்று அங்கே ஒரு நம்பிக்கை. கல்லிலே நார் உரிக்கலாம், இவரிடம் சாவி வாங்க முடியாது.

திரும்ப வந்தது, குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் ஆள். அவரிடம் இவர், “எனக்கு உத்தரவே வரல” என்றார். கதவில் பசை காய்ந்து கிடந்த இடத்தை அவர் காட்டினார். அப்புறம்தான் சாவி என் கைக்கு வந்தது.

வாசலில் நின்றே படித்துச் சொன்னேன். முதல் குற்றச்சாட்டு, ரயில் வரும்போது கேட்டைத் திறந்து வைத்தது: ருசுவானது. இரண்டாவது, பணியில் தூங்கியது: ருசுவாகவில்லை. கொடுத்த விளக்கம் திருப்தியாக இல்லை. ஆகவே உத்தரவு சேர்ந்த நாள் முதல் வேலையிலிருந்து நீக்கம். சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், உரிய அதிகாரிகள் மூலமாக, மேலதிகாரிக்கு அப்பீல் செய்துகொள்ளலாம்.

“தூங்கலன்னு எழுதிக்கீதா?” என்றார் இவர். அதையே மறுபடி படிக்கச் சொன்னார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு வரவில்லை. ஒட்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேலேயே ஓடிப்போயிருந்தது.

தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன என்று அன்று ராத்திரியே அப்பீல் எழுதினேன். மணி அடிக்காததைத்தான் பெரிதாக எழுதினேன். வண்டி அடிபட்ட சமயத்தில் கேட்டுக்குப் பக்கத்துக் கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்கள் தங்களுக்கும் மணிச் சத்தம் கேட்கவில்லை என்றார்கள், விசாரணையில் அவர்களை யாரும் கூப்பிடவில்லை என்றும் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீக்கிய அதிகாரி வழியாகவேதான் அது மேலே போக வேண்டும். போயிற்று.

பதில் வரும்போது நாங்கள் என் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்தோம். இவர் தோட்ட வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மண் ஒட்டிய கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் படித்தேன். மூன்றே வரிதான்.

“மணி அடிக்கலன்னு ஒத்துக்கினாங்களா?”

“இல்லீங்க.”

“அடிச்சாங்கன்னு எழுதிக்கீதா?”

“அதுவும் இல்ல.”

“அப்போ இன்னாதான் எழுதிக்கீது?”

“அப்பீல் கெடு தாண்டி வந்துதாம். அதனால உள்ள இன்னா எழுதிக்கீதுன்னு பாக்கலியாம்.”

இவர் தலையாட்டினார். கை மண்ணை உதிர்த்துக்கொண்டே, “அந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரு சொன்னத கூடவா படிக்கல?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.