இரண்டா, நான்கா

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வோல்ட்டு டீச்சர். ஒளிமின் விளைவு பாடம் வந்துவிட்டால் அவளுக்குப் பசி தூக்கம் கிடையாது. பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் காதில் விழாது. தொண்டை கட்டிப்போனாலும் சாக்பீஸைக் கீழே வைக்க மாட்டாள். கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை வீட்டாருக்கே சாப்பாட்டு மேசையில் போட்டான் என்கிற ஒளித்துகளை விளக்கிய புண்ணியவதி அவள். நாத்தனார் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷம் விடைத்தாள் திருத்தும் மையத்தில் வந்து வாய்த்தது அதே பாடத்துக் கேள்வி. பயன்தொடக்க அதிர்வெண் என்றால் என்ன, ஒளிச்செறிவைக் கூட்டினால் எலக்ட்ரானின் ஆற்றல் ஏன் கூடாது, கடைசியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு. உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட். போட்டானின் ஆற்றல் 3. வெளிவரும் எலக்ட்ரானைத் தடுக்கும் நிறுத்து மின்னழுத்தம் 1 வோல்ட். ஒளியின் அதிர்வெண்ணை இருமடங்காக்கினால் நிறுத்து மின்னழுத்தம் என்ன?

காலையிலிருந்து எல்லாரும் 2 என்று எழுதியிருந்தார்கள். தவறுதான், ஆனால் எதிர்பார்த்த தவறு. பாவம் பிள்ளைகள் என்று கணக்குக்குச் சுழியம் போட்டுக்கொண்டே போனாள். சந்தேகத்துக்கு விடைக்குறிப்பைப் புரட்டினால், அதிலும் 2.

எழுந்து நேராகத் தலைமைத் தேர்வாளரிடம் போனாள். ஓய்வு பெறப் போகிற மனிதர், யாரிடமும் கடிந்து பேசாதவர்.

"சார், இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. அதிர்வெண் இருமடங்கானா போட்டானுக்கு ஆறு. அதுல ரெண்டு உலோகத்தை விட்டு வெளியே வரவே செலவாயிடும். மிச்சம் நாலு. நாலு வோல்ட்தானே?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவையும் போட்டார்.

"நாலுதான் மேடம். எந்தப் புண்ணியவான் குறிப்பு போட்டானோ, அதிர்வெண்ணை இருமடங்காக்கச் சொன்னா மின்னழுத்தத்தையே இருமடங்காக்கிட்டான்."

அவளுக்கு மனசு லேசானது. அவர் போன் எடுத்தார். மேலிடத்தோடு பேசினார், கேட்டார், தலையை ஆட்டினார். வைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"குறிப்பு எல்லா மையத்துக்கும் போயாச்சாம். மத்த மையங்கள்ல காலையில திருத்தின கட்டெல்லாம் முத்திரை வெச்சு அனுப்பியாச்சு. இப்ப ஒரு மையம் மட்டும் மாத்தினா ஒரே பதிலுக்கு இங்க ஒரு மார்க், அங்க ஒரு மார்க்குன்னு ஆயிடும். குறிப்புப்படியே போடச் சொல்றாங்க."

"சரியா எழுதினவன் கதி?"

"நான் என்னம்மா பண்ணட்டும்" என்றார். மேடம் அம்மாவாக மாறியதிலேயே அவர் நிலைமை அவளுக்குப் புரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த தாளை எடுத்தாள். கோழி கிளறின மாதிரிக் கையெழுத்து. முன்பக்கக் கேள்விகளில் பாதிக்குமேல் வெற்றிடம். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பையனோ பெண்ணோ உயிரைக் கொடுத்து எழுதியிருந்தது. பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழே இருந்தால் எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் ஒரு எலக்ட்ரான்கூட வராது. அதற்கு மேலே இருந்தால், ஒளி பிரகாசமானால் போட்டான்கள் அதிகம் வரும், எலக்ட்ரான்களும் அதிகம் வெளியேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டானின் ஆற்றல்தான், அது அதிர்வெண்ணைப் பொறுத்தது. கணக்குக்கு விடை 4 வோல்ட். அடியில் ஒரு வரி: மின்னழுத்தமும் இருமடங்கு என்று அவசரப்பட்டு எழுதக்கூடாது, போட்டானின் ஆற்றலை இருமடங்காக்கிய பிறகே வெளியேற்று ஆற்றலைக் கழிக்க வேண்டும்.

எங்கேயோ ஒரு ஆசிரியர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறார். இந்தப் பிள்ளை அதைக் காதில் வாங்கியிருக்கிறது. கணக்குக்கு இரண்டைச் சேர்த்தால் மொத்தம் 36. சேர்க்காவிட்டால் 34. தேற வேண்டியது 35.

வருவது வரட்டும் என்று இரண்டைப் போட்டாள். அந்தத் தாளே மறுசரிபார்ப்புக்கு அகப்பட்டது. தலைமைத் தேர்வாளர் அந்த விடையைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு இரண்டை அடித்துச் சுழியம் போட்டார். திருத்தத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து வேண்டும் என்பது விதி.

"மறுமதிப்பீடு கேட்டா கிடைக்காதா சார்?"

"அதுக்கும் இதே குறிப்புதான் மேடம். போடுங்க."

போட்டாள். பேனா நன்றாகத்தான் எழுதியது. அழுகை வந்தது, அழவில்லை. இன்னும் பாதிக் கட்டு பாக்கி இருந்தது. அதில் 2 என்று எழுதிய எல்லாருக்கும், காலையில் அவள் சுழியம் போட்டிருந்தவர்களுக்கும், கணக்குக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

பள்ளி திறந்து அந்தப் பாடம் வந்தது. அதே கணக்கைக் கரும்பலகையில் போட்டாள். ஆறில் இரண்டு போனால் நாலு. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், என் அக்கா போன வருஷம் நாலுன்னு எழுதினா. மார்க் வரலை. என் ஃப்ரெண்டோட அண்ணன் ரெண்டுன்னு எழுதினான், வந்துச்சு. பரீட்சையில எதை எழுதணும்?"

வகுப்பே நோட்டைத் திறந்து, பேனாவைப் பிடித்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.