எதிர்காற்றில் ராஜபாளையம்

என்னைக் கேட்காமல் விமானப்படையில் சேர்ந்தாய் என்று அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுரைக்குத் தெற்கே யுத்தகாலத்தில் போட்ட விமானத் திடலில் எனக்குப் பயிற்சி. லீவில் ஊருக்கு, ராஜபாளையத்துக்குப் போனபோது அம்மாவிடம், வருகிற ஞாயிறு எனக்குப் பறக்கும் தேர்வு, காலை பத்தரைக்கு நம் வீட்டுக்கு மேலே பறப்பேன் என்றேன். அப்பாவும் மாடிக்கு வரச் சம்மதித்ததாக அம்மா சொன்னாள். அதற்கே அவள் இரண்டு நாள் பேசியிருந்தாள்.

பத்து மணிக்குக் கிளம்பினால் நாற்பத்தைந்து மைல், மணிக்குத் தொண்ணூறு மைல் வேகம், அரை மணி. ஆடி மாதம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை வானிலைக் குறிப்பு வந்தது. நேர் மேற்கிலிருந்து மணிக்கு முப்பது மைல் காற்று. வரைபடத்தில் மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையத்துக்குக் கோடு இழுத்தேன். திசை 235 பாகை. புறப்படும் புள்ளியிலிருந்து காற்று போகும் கிழக்குப் பக்கம் முப்பது மைல் நீளத்துக்கு இன்னொரு கோடு. அதன் நுனியில் கவராயத்தை ஊன்றி, தொண்ணூறு மைல் அளவில் முதல் கோட்டை வெட்டினேன். விமானத்தின் மூக்கை 246 பாகைக்குத் திருப்பி வைத்தால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வழியில் வரும். தரைவேகம், அதாவது காற்றின் தடை போக ஊரை நோக்கி நகரும் வேகம், அறுபத்து நான்கு. நாற்பத்திரண்டு நிமிஷம்.

பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி வரைந்தேன். அதே அறுபத்து நான்கு. பன்னிரண்டு நிமிஷம் முன்னால் கிளம்பலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். ராஜபாளையத்தில் யாராவது குண்டு போடுகிறார்களா என்று விசாரித்தார். பத்துக்கே கிளம்பினோம்.

கணக்குச் சொன்ன இடத்தில் கோபுரம் வந்தது. பத்து நாற்பத்திரண்டுக்கு வீட்டு மாடி தெரிந்தது. தனியாக ஒரு வெள்ளை வேட்டி நின்றது. மற்றவர்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். பயிற்சியாளர் ஒரு வட்டம் அனுமதித்தார். மதுரைக்குத் திரும்பும் திசை 44 பாகை என்று அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தேர்வில் பாஸ்.

அடுத்த லீவில் வாசலில் கால் வைத்ததும் அப்பா பேசினார்.

"பன்னெண்டு நிமிசம் லேட்டு."

மேஜையில் மூன்று ஈர்க்குச்சிகளை ஒடித்து வைத்து விளக்கினேன். இது நான் போகவேண்டிய வழி, இது காற்று, இது மூக்கு. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நான் மதுரைக்குத் திரும்பிய வழியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இப்பிடிப் போனா காத்து தள்ளிவிடுமோ?"

ஆமாம், தரைவேகம் நூற்றுப் பதிமூன்று, இருபத்து நான்கே நிமிஷம் என்றேன்.

"அதாம்ல," என்றார். "ஏறிட்டுப் பாக்கதுக்குள்ள போயிட்டே."

குச்சிகளை அவரே எடுத்து வெளியே போட்டார்.