பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து

என் தங்கச்சி வாசித்த கடைசிப் புத்தகத்தில் பத்தொன்பது அத்தியாயங்கள். பதினொன்றை அவள் வாசித்தாள். மீதி எட்டை, அவள் மவுத்தான பிறகு, கம்ப்யூட்டரை வைத்து அவள் குரலிலேயே நான் வாசிக்க வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

அருப்புக்கோட்டையில் ஒரு மாடியில் எனக்கு ஒலிப்பதிவு அறை இருக்கிறது. பெரிய ஸ்டுடியோ என்று நினைத்துவிட வேண்டாம். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு காரியாபட்டி, மல்லாங்கிணறு என்று சுற்றுகிற ஜவுளிக்கடை விளம்பரங்களை அங்கேதான் பதிவேன். பக்கத்து வீடுகளில் தறி ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற ஒரு மணி நேரம்தான் எங்களுக்குப் பொன்னான நேரம். பெண் குரல் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டபோது தங்கச்சியைக் கூப்பிட்டேன். திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வந்து, விளக்கெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒலிப்புத்தகம் போடுகிற சென்னை நிறுவனம் ஒன்று அவளைத் தேடி வந்தது. ஏழு புத்தகங்கள் வாசித்தாள். மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், சவூதியில் டிரைவர். வண்டி ஓட்டும்போது அவள் புத்தகங்களைத்தான் கேட்பார். பெருமை பிடிபடாது மனுஷருக்கு.

வாசிப்பில் ஒரு வார்த்தை பிசகினாலும் சென்னையிலிருந்து திருத்தம் கேட்பார்கள். அந்த ஒற்றை வார்த்தைக்காக அவள் மறுபடி பஸ் ஏற வேண்டும். அதற்கு மாற்றாகத்தான் அவள் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். பழைய பதிவுகளில் சுத்தமானதாகப் பொறுக்கி நான் அனுப்பினேன். அது போதாதாம். அவள் வாயாலேயே, "என் குரலைப் போலச் செயற்கைக் குரல் செய்ய எனக்குச் சம்மதம்" என்று ஒரு வாக்கியத்தை வாசித்துக் கொடுக்க வேண்டும், படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எதற்கெல்லாம் சம்மதம் என்று படிவத்தில் ஒரு காலி இடம் இருந்தது. எல்லாத்துக்கும்னு எழுது, வேலை முடியட்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். அவள் கேட்கவில்லை. வாசித்ததில் உள்ள பிழையைத் திருத்த மட்டும் என்று குண்டு குண்டாக எழுதினாள்.

"நான் பேசாதத நான் பேசுனேன்னு ஒருத்தரும் நம்பிறக் கூடாதுண்ணே. அது பாவம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மகாராணி, இவ குரலைத் திருடிக்கிட்டுப் போகப்போறாங்க என்று கிண்டல் செய்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலின் மிச்சம் என்று மதுரை டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எட்டாவது புத்தகத்தை அதற்குள் முடித்துவிடலாம் என்று வந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி வந்தால் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வாசிப்பாள். இருமலையும் இளைப்பையும் நான் வெட்டி எடுத்துவிடுவேன். எங்கள் தொழிலில் அதுதான் வேலையே. ஆனாலும் குரலில் ஏறிய களைப்பை எந்தக் கத்திரியாலும் வெட்ட முடியவில்லை. பதினொன்றாம் அத்தியாயம் முடித்த பத்தாம் நாள், ஆபரேஷனுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

எங்கள் வழக்கத்தில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டோம். காலையில் போனவளைச் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட்டோம். மாப்பிள்ளைக்கு வர வழியில்லை. வீடியோ காலில் அவருக்குக் காட்டுவதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டு கபருஸ்தானில் நின்றவன் நான்தான். அந்தப் பக்கம் அவர் லாரிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துச் சென்னை அலுவலகத்து அம்மா பேசினார். வேறு ஒருவரை வைத்து முதலிலிருந்து வாசிக்க வைக்கலாமா என்று கேட்டார். அவள் மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்த பதினொன்றையும் குப்பையில் போடுவதா? மீதியை அவள் குரலிலேயே முடித்துவிடலாமே என்றேன். அந்த அம்மா நியாயமாகத்தான் பேசினார். திருத்தத்துக்கு மட்டும் என்று அவங்களே எழுதியிருக்காங்க, அதை மீறணும்னா அவங்க வீட்டுக்காரரைக் கேட்கணும், அதுவும் எனக்கு அரை மனசுதான் என்றார். மாப்பிள்ளைக்குத் தெரியும், சரின்னுட்டார் என்று நான் புளுகினேன். அதே படிவத்தின் கீழே குடும்பத்தின் சம்மதத்துடன் என்று எழுதி அண்ணன் என்ற முறையில் நானே கையெழுத்துப் போட்டேன். அவரிடம் கேட்கவே இல்லை. ஏற்கெனவே நொந்துபோய்க் கிடக்கிறவரை இதைச் சொல்லி ஏன் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டு அத்தியாயங்களையும் செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. ஊர்ப் பெயர்களிலும் ழகரத்திலும் அந்தக் கம்ப்யூட்டர் குரல் தடுமாறும். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிசெய்தேன். சில நாள் அவள் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும், அழுதுகொண்டே வேலை செய்வேன். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை கணினியால் உருவாக்கிய குரல் என்ற அறிவிப்பை முன்னாலும் பின்னாலும் வைக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. முன்னால் வைத்தால் ஒருத்தனும் கேட்க மாட்டான் என்று சண்டை போட்டுப் பின்னால் மட்டும் வைக்கச் சம்மதம் வாங்கினேன். அறிவிப்பை என் குரலில் நானே வாசித்தேன். ஒலிப்புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு தனிக் கோப்பு. முன்னுரை ஒன்று, முடிவுரை ஒன்று என்று அவையும் தனித் தனி. அறிவிப்பு அந்த முடிவுரைக் கோப்பில் இருந்தது.

புத்தகம் வெளிவந்ததைக் கேள்விப்பட்டு, எனக்கு அனுப்பிவிடுங்க மச்சான், போன்லயே வச்சுக்கிறேன் என்று மாப்பிள்ளை கேட்டார். வாட்ஸப்பில் பத்தொன்பது அத்தியாயங்களையும் அனுப்பினேன். முடிவுரையை அனுப்பவில்லை. என் குரல் அவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். அது மறதியா, பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குத் தான் மறைக்கிறோம் என்பதே மறந்துபோகும்போல.

லீவு கிடைத்து அவர் ஊருக்கு வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. கபருக்குப் போய் துஆ செய்துவிட்டு நேராக என் அறைக்குத்தான் வந்தார். நான் பயந்த மாதிரி இல்லை. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அவள் உட்கார்ந்து வாசிக்கிற நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். சாவதற்கு முன்னால் போனில் கேட்கும்போதெல்லாம் நல்லாயிருக்கேன், நீங்க ஆபரேஷனுக்கு வந்தாப் போதும் என்றே அவள் சொன்னாளாம். அதை நம்பி இருந்துவிட்டோமே, பொய் சொல்லியிருப்பாளோ, ஓடி வந்திருக்க வேண்டுமோ என்று அவர் தூங்காமல் கிடந்தாராம்.

"இந்தப் புத்தகத்தக் கேட்ட பெறகுதான் மச்சான் எனக்கு மனசு ஆறுச்சு. அஞ்சு, ஆறுல எளைக்குது. பதினொன்னுல ரொம்ப முடியல. பன்னெண்டுலருந்து பாருங்க, பழைய கொரலு திரும்பிருச்சு. அவளுக்குச் சொகமாயிட்டுத்தான் வந்திருக்கு. எங்கிட்டப் பொய் சொல்லல. அல்லா திடீர்னு எடுத்துக்கிட்டான், அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

பழக்குவதற்கு நான் அனுப்பியது அவள் திடமாக இருந்த காலத்துப் பதிவுகள். அதனால் அந்தக் குரலில் நோவே இல்லை. அதை ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. இந்த மனுஷர் ஏழு மாதமாக நிம்மதியாகத் தூங்கியது என் கம்ப்யூட்டர் சொன்ன பொய்யின் மேல் தலை வைத்து.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. டீ சொல்கிறேன் என்று எழுந்தேன். அப்போது அவர், பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பதிந்தபோது அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டார். அதற்கு ஒரு நிறத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குண்டு குண்டாக எழுதிய படிவத்தையும், அதற்குக் கீழே நான் போட்ட கையெழுத்தையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் கையெழுத்தை விரலால் தடவினார். பிறகு, அவ நெசமா கடைசியாப் பேசுனது எது என்று கேட்டார்.

பதினொன்றாம் அத்தியாயத்தின் வெட்டாத பதிவு என்னிடம் இருந்தது. அதை ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். அதற்கு மேலும் மறைக்க என்னிடம் தெம்பில்லை. கடைசி வாக்கியத்தை அவள் மூன்று தடவை ஆரம்பித்து விட்டுவிடுகிறாள். நான்காம் தடவை முடிக்கிறாள். அப்புறம் இளைப்பு. நான் தண்ணீர் கொடுக்கிற சத்தம். பிறகு அவள் பேசுகிறாள்.

"அவுககிட்டச் சொல்லிறாதீகண்ணே. கேட்டா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவாக."

சொல்ல மாட்டேன் புள்ள என்று என் குரல் சொல்கிறது.

பதிவு நின்றது. அறிவிப்பை அன்றைக்கே அவருக்கு அனுப்பினேன், அந்த எட்டு அத்தியாயங்களையும் எடுக்கச் சொல்லிச் சென்னைக்கு உண்மையை எழுதினேன், அவள் குரலில் பழக்கியதையும் அழிக்கச் சொன்னேன், அவர்களும் செய்தார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது அவர் எழுந்து செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்தப் பதிவ அன்னைக்கே அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேன்ல, மச்சான்."