அப்படின்னு சொல்லுதாவ

ஜெப்ஸியின் காதில் ஹெட்போன் இல்லாத நேரம் என்றால், கோயில் ஆராதனை நேரமும் மீன் கழுவுகிற நேரமும்தான். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒரு பேராசிரியர் அவள் காதுக்குள் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். சாத்தான்குளத்தில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கப்பலில் இருக்கிறார், வருஷத்தில் பாதி நாள் கடல்தான். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கல்லூரிப் பாடங்களைப் பாட்காஸ்டாக மாற்றி எழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். ‘அது என்ன பெரிய வேலை, பேசுனதைப் பேசுன மாதிரி எழுதப்போற’ என்று அக்கம்பக்கம் கேட்கும். கேட்பவர்களுக்கு என்ன தெரியும்?

பேசினதை அப்படியே எழுதினால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஐயா! வகுப்பில் வாத்தியார் பேசுவது கண்ணோடு சேர்ந்த பேச்சு. ‘இந்தப் படத்தைப் பாருங்க’ என்பார். பஸ்ஸில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறவன் எதைப் பார்ப்பான்? அந்தப் படத்தை ஜெப்ஸி வாய்ச்சொல்லால் வரைய வேண்டும். ஒரு வாக்கியத்துக்குள் நான்கு தகவலை அடைத்திருப்பார், அதை நான்காக உடைக்க வேண்டும். லத்தீன் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டுப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். ஆனால் ‘இருக்கலாம்’ என்று அவர் சொன்ன இடத்தில் ‘இருக்கு’ என்று எழுதிவிடக் கூடாது. ‘பெரும்பாலும்’ என்ற சொல் பேச்சுக்கு இடைஞ்சலாக நிற்கிறதே என்று அதைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. பேச்சு தளரலாம், விஷயம் தளரக் கூடாது. கம்ப்யூட்டர் கேட்டு எழுதித் தருகிற பிரதியை அவள் பாதிதான் நம்புவாள். ‘முத்துப்பார்’ என்பதை ‘முத்து பார்’ என்று எழுதி, வகுப்பில் இருந்த யாரோ ஒரு முத்துவை எதையோ பார்க்கச் சொன்ன மாதிரி ஆக்கிவைத்திருந்தது அது. சிப்பி விளைகிற கடலடிப் பாறைத்திட்டுதான் முத்துப்பார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒலியைத் திரும்பக் கேட்டுத்தான் அவள் எழுத ஆரம்பிப்பாள்.

எழுதியதைப் பேசுகிறவன் அவளுடைய தம்பி பெனிஸ்டன். போல்பேட்டையில் ஒரு அறைக்கு மெத்தை அடித்து ஸ்டுடியோ ஆக்கியிருந்தான். நல்ல குரல், மறுப்பதற்கில்லை. ஆனால் முதலில் அவன் மைக் முன்னால் பேசினால் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பழக்கியவள் அக்காதான்.

“ஏலே, மேடையில நிக்கியா? டீக்கடையில எதுக்க ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுப் பேசு. முக்கியமானதுக்கு முன்னால ஒரு மூச்சு விடு. அந்த மூச்சுலதான் கேக்கவன் காதைத் தீட்டுவான்” என்பாள். எழுத்திலேயே ‘மூச்சு’ என்று குறித்தும் கொடுப்பாள்.

இப்படி இருக்கையில்தான் செங்கமலவல்லி மேடத்தின் பாடங்கள் கிடைத்தன. ஆழ்வார்திருநகரிக்காரர், கடலுயிரியல் நடத்துகிறவர். வகுப்பு முடிந்தால், கடற்கரை ஊர்ப் பெண்களுக்கு முத்துச்சிப்பி வளர்க்கவும் பழக்கிக்கொடுப்பார். பாட்காஸ்ட் என்றதும் முகம் சுளித்தார். “சுவாரசியமா இருக்கணும்னு எதையாவது சேத்துடுவாங்க. பேர் என்னோடதுதானே கெடும்?” என்றார்.

“மேடம், எழுதினதை முதல்ல நீங்க படிப்பீங்க. நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் பேசுவோம். உங்க பேர்ல ஒரு தப்பு வெளிய போகாது. நான் பொறுப்பு” என்றாள் ஜெப்ஸி.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மேடம் ஒலிப்பதிவுகளைத் தூக்கிக் கொடுத்தார்.

முத்து எப்படி உண்டாகிறது என்ற பாடத்துக்கு வந்தாள். மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. தப்பான எண்ணத்தை முதலில் தானே நம்புகிற மாதிரி முழுசாகச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் தலையாட்டி முடித்ததும், ‘அப்படின்னு சொல்லுதாவ’ என்று ஊர்ப்பேச்சில் ஒரு போடு போடுவார்; ஊர் அப்படிச் சொல்கிறது, நான் சொல்லவில்லை என்று அர்த்தம். வகுப்பே சிரிக்கும். ஜெப்ஸிக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதை விடுவாளா? இப்படி எழுதினாள்:

‘ஒரு மணல் சிப்பிக்குள்ள போகுது. உறுத்துது. தாங்க முடியாம சிப்பி அது மேல பூசிப் பூசி மூடுது. அதுதான் முத்து. (மூச்சு) அப்படின்னு சொல்லுதாவ! நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். மேடம் சிரிச்சிட்டாங்க. நாள் முழுக்கத் தண்ணிய இழுத்து வடிகட்டுத பிராணிக்கு மணல் என்ன புது விருந்தாளியா? வெளிய தள்ளிட்டுப் போயிரும். சிப்பி ஓட்டை ஒட்டி உள்ளுக்குள்ள ஒரு மெல்லிசான தோல் இருக்கு. ஓட்டுக்கு உள்பக்கம் மினுமினுன்னு பூசுதது அந்தத் தோலுதான். ஒரு ஒட்டுண்ணியாலயோ காயத்தாலயோ அந்தத் தோலோட செல்லு கொஞ்சம் உள்சதைக்குள்ள போய் மாட்டிக்கிட்டா, அங்க ஒரு சின்னப் பை மாதிரி வளரும். பெரும்பாலும் அந்தப் பைக்குள்ளதான் முத்து விளையுது. அதனாலதான் வளர்ப்பு முத்துக்கு மணிய மட்டும் உள்ள வச்சாப் போதாது. இன்னொரு சிப்பியோட தோல்ல ஒரு துணுக்கையும் சேத்து வைக்கணும்.’

மேடம் படித்தார். ‘பெரும்பாலும்’ அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். “என் குரலே கேக்குது ஜெப்ஸி” என்றார். அன்றைக்கு ஜெப்ஸி வீட்டில் நெய்மீன் குழம்பு.

பெனிஸ்டனும் அழகாகத்தான் பேசினான். முழுப் பதிவும் ஒரு குறையில்லாமல் வெளியானது. அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? எண்ணிவிடலாம். ஊரெல்லாம் கேட்டது வேறொன்று.

மீன் சந்தையில் கணவாய் வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைக்காரர் போனில் தம்பியின் குரல் கேட்டது. ‘...பூசிப் பூசி மூடுது. அதுதான் முத்து.’ அதோடு நின்றது. பின்னால் அலைச் சத்தம். அப்புறம் ஒரு முத்துநகைக் கடையின் பெயர். திரையில் மேடத்தின் படம், அதற்குக் கீழே: பேராசிரியர் செங்கமலவல்லி விளக்குகிறார்.

“அண்ணாச்சி, அதை இன்னொரு தரம் போடுங்க” என்றாள். அவர் போட்டார். வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுத்தில் குறித்துக் கொடுத்த மூச்சில் விழுந்திருந்தது. அத்தனை சுத்தமான வெட்டு! ‘அப்படின்னு சொல்லுதாவ’ போய்விட்டது. தமிழில் ‘யார் சொன்னது’ என்பது கடைசியில்தானே வருகிறது? வாலை நறுக்கினால் ஊரான் பேச்சு சொன்னவர் தலையிலேயே ஏறிவிடும். கணவாயை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

“ஏலே பெனிஸ்டன், பாதியில வெட்டியிருக்கியே, தெரியாமச் செஞ்சுட்டியா?” என்று ஸ்டுடியோ வாசலிலேயே கேட்டாள். தெரியாமல்தான் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று மனசு அடித்துக்கொண்டது.

“தெரிஞ்சுதான்க்கா. அந்த நகைக்கடைக்காரவுக விளம்பரத்துக்கு மணல் கதைதான் வேணும்னுட்டாங்க. வாங்க வார பொம்பளைகிட்ட போய் ஒட்டுண்ணி, காயம்னா சொல்லுவாங்க? ஒரு கிளிப்புதானே. முழுசும் அங்கன கிடக்குல்லா, வேணும்னா கேட்டுக்கிடட்டும்.”

“நான் வாக்குக் குடுத்திருக்கேன்டா.”

“நீதானே குடுத்த” என்றான்.

கூடப்பிறந்தவன் வாயிலிருந்து வந்த சொல் அது. கிளிப்பை எடுத்துவிடு என்று கெஞ்சினாள். எடுத்தான், ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் கைக்குப் போய்விட்டது. நேரே மேடத்தைப் பார்க்கப் போனாள்.

மேடம் கடற்கரை ஊரில் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். முகம் கொடுக்கவில்லை.

“பேச்சிச்செல்வின்னு ஒரு பொண்ணு, கெட்டிக்காரி. ‘மேடம், நீங்களே மணல் போதும்னு போன்ல சொல்லுதிய, எங்களை மட்டும் ஏன் தோலை வெட்டி வைக்கச் சொல்லிப் பாடாப் படுத்துதிய?’ன்னு எல்லாரும் இருக்கும்போது கேக்குறா. என்ன பதில் சொல்ல?”

“மேடம், நான் எழுதினது...”

“நீங்க எழுதினது எனக்குத் தெரியாதா? படிச்சேனே. உங்க தம்பிக்குப் போன் பண்ணேன். ‘அக்கா குடுத்ததைத்தான் மேடம் வாசிச்சேன், எனக்கு சயின்ஸ் என்ன தெரியும்’ங்கிறார்.” மேடம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “அவர் சொன்னதை நான் நம்பல. ஆனா நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே ஜெப்ஸி, அதை நம்பினேன். மீதிப் பாடங்களைத் திருப்பித் தந்துடுங்க.”

திட்டியிருந்தால்கூட ஜெப்ஸி தாங்கியிருப்பாள். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெட்டினது ஒரு துரோகம். வெட்டிவிட்டு அதை அக்கா தலையில் கட்டினானே, அதை எதில் சேர்ப்பது?

மறுநாள் அவனே வந்தான். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “அக்கா, திருத்தம் ஒண்ணு போட்டுருவோம். நீயே எழுது. உனக்குத்தான் நல்லா வரும்” என்றான். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் இந்தப் பாவி மனுஷி இளகிவிட்டாள். மேடத்தின் பேர் தேறினால் போதும் என்று உட்கார்ந்து எழுதினாள். இந்தத் தடவை எந்த வாக்கியத்துக்கும் வால் வைக்கவில்லை. எங்கே வெட்டினாலும் வெட்டின துண்டு உண்மையாகவே இருக்கிற மாதிரி எழுதினாள்: ‘முத்து மணலால வரல. மேடம் அப்படிச் சொல்லல. ’ அப்புறம் தோல், செல், பை எல்லாம். கடைசியில்: ‘மேடம் சொன்னதை நான் பாதியில வெட்டினேன். வெட்டினது பெனிஸ்டன் ஆகிய நான்.’

“வாசிச்சுருவியாலே?”

“வாசிக்காம? சத்தியமாக்கா.”

சாயங்காலம் அது வெளியானது. ஜெப்ஸி அடுக்களையில் போனைச் சாய்த்துவைத்துக் கேட்டாள். முத்து மணலால் வரவில்லை என்றான். மேடம் அப்படிச் சொல்லவில்லை என்றான். தோல், செல், பை எல்லாம் சரியாகவே வந்தது, பெரும்பாலும் என்பதுகூட. பாடத்தில் ஒரு பிசகில்லை. டீக்கடையில் எதிரே இருக்கிற சிநேகிதனிடம் பேசுகிற அதே இதமான குரல். கேட்கிறவன் நம்பாமல் இருக்க முடியாது.

அப்புறம் ஒரு மூச்சு விட்டான். எங்கே விட வேண்டும் என்று அவள் பழக்கியிருந்தாளோ, அதே இடத்தில், அதே அளவு.

“எழுதிக் குடுத்தவங்க கவனக்குறைவுல ஒரு தப்பு நடந்துபோச்சு” என்றான்.